ஐந்து பருப்புகளுக்கு நடுவே மூன்று கிராம்

கேள்வி: "துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, மைசூர் பருப்பு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, இந்த ஐந்தில் 100 கிராமுக்கு எதில் புரதம் அதிகம்? ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு எண் போட்டிருக்கிறார்கள். நான் வாங்கிய துவரம்பருப்பு பாக்கெட்டில் 24 கிராம் என்று இருக்கிறது, இணையத்தில் 21 என்கிறார்கள். வீட்டில் நான்கு பேர், தினமும் சாம்பார்தான். மைசூர் பருப்புக்கு மாறினால் புரதம் கூடுமா?"

எண்களை முதலில் தந்துவிடுகிறேன். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணைப்படி, தோல் நீக்கி உடைத்த காய்ந்த பருப்பு 100 கிராமில் மைசூர் பருப்புக்கு 24.35 கிராம், பாசிப்பருப்புக்கு 23.88, உளுத்தம்பருப்புக்கு 23.06, துவரம்பருப்புக்கு 21.70, கடலைப்பருப்புக்கு 21.55 கிராம் புரதம். மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் இடையே மூன்று கிராம்கூட இல்லை. நீங்கள் பார்த்த எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததற்குக் காரணம் யாரோ பொய் சொல்வது அல்ல. அளக்கும் முறையில் வரும் ஏற்ற இறக்கமே கிட்டத்தட்ட இந்த மூன்று கிராம் அளவுக்கு இருக்கிறது. நான் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் தானியங்களையும் பருப்புகளையும் பகுத்துப் பார்க்கும் வேலையில் இருந்தவன். உணவு ஆலோசகர் அல்ல. ஆகவே பருப்புக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். அது உங்கள் உடலுக்குள் என்ன செய்யும் என்பதில் கொஞ்சம் அடக்கியே பேசுவேன்.

மேலே சொன்ன அட்டவணையை நான் முதலில் எடுத்ததற்குக் காரணம் உண்டு. நாட்டின் ஆறு பகுதிகளில் இருந்து மாதிரிகளை வாங்கி, ஒரே கூடத்தில் ஒரே முறையில் 528 உணவுகளைப் பகுத்து அதைத் தயாரித்தார்கள். வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு கூடங்கள் அளந்த எண்களை ஒன்றாகக் கோத்த பட்டியலை வைத்து இரண்டு பருப்புகளை ஒப்பிடுவது, இரண்டு கடைத் தராசுகளில் நிறுத்த காய்கறியை ஒப்பிடுவது போன்றது. இதற்கு முன் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்ததும் அதே நிறுவனத்தின் அட்டவணைதான். அந்த நிறுவனம் 1958இல் ஹைதராபாத்துக்குப் போகும் முன் நம் குன்னூரில் இருந்தது. இந்திய உணவுகளின் சத்துப் பட்டியல் முதன்முதலில் 1937இல் வெளியானதும் அங்கிருந்துதான். அந்தப் பழைய வரிசையில் மைசூர் பருப்புக்கு 25.1, பாசிப்பருப்புக்கு 24.5, உளுத்தம்பருப்புக்கு 24.0, துவரம்பருப்புக்கு 22.3, கடலைப்பருப்புக்கு 20.8 என்று இருந்தது. எண்கள் மாறியிருக்கின்றன, ஆனால் வரிசை அப்படியே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இதில் எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று பிரித்துவிடுகிறேன். மைசூர், பாசி, உளுந்து மூன்றும் மேல் வரிசை, துவரையும் கடலையும் கீழ் வரிசை என்பது உறுதி. நான் பார்த்த நம்பத்தக்க பட்டியல்கள் எதிலும் இது தலைகீழாகவில்லை. மேல் வரிசைக்குள் யார் முதல் என்பது உறுதியல்ல. அமெரிக்க வேளாண் துறையின் பட்டியலில் உளுந்துக்கு 25 கிராமுக்குச் சற்று மேல் இருக்கிறது, அங்கே மைசூர் பருப்பு அதற்குக் கீழே வருகிறது. அதே போல, துவரைக்கும் கடலைக்கும் இடையே 2017இன் அட்டவணை காட்டும் 0.15 கிராம் வேறுபாட்டைக் கூடத்தில் வேலை செய்த எவரும் வேறுபாடாகவே கணக்கில் எடுக்கமாட்டார். ஒரே மூட்டையில் இரண்டு கைப்பிடி அள்ளித் தனித்தனியே அளந்தாலும் அதைவிடக் கூடுதலாகவே வித்தியாசம் வரும். விதை ரகம், மண், எவ்வளவு மழை, எவ்வளவு உரம் என்பதைப் பொறுத்து ஒரே துவரையில் இரண்டு மூன்று கிராம் ஏறி இறங்குவதும் வழக்கம்தான். ஆகவே "மைசூர் பருப்பில் துவரையைவிடப் புரதம் அதிகம்" என்பது சராசரியைப் பற்றிய கூற்று. உங்கள் அலமாரியில் இருக்கும் இரண்டு டப்பாக்களைப் பற்றிய கூற்று அல்ல.

இப்போது புரதத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. சாதாரணப் பரிசோதனையில் யாரும் புரதத்தை அளப்பதில்லை, நைட்ரஜனை அளக்கிறார்கள். டென்மார்க்கில் ஒரு பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் யோஹான் கெல்டால் என்பவர் 1883இல் வெளியிட்ட முறை இது. பீருக்கான தானியத்தில் புரதம் எவ்வளவு என்று அறியவே அவர் இதைக் கண்டுபிடித்தார். பருப்பை மாவாக அரைத்து, ஒரு கிராம் அளவில் துல்லியமாக நிறுத்து, அடர்த்தியான கந்தக அமிலத்தில் சில மணி நேரம் கொதிக்க வைப்போம். கறுத்துப் பொங்கும் அந்தக் குழம்பு மெல்ல மெல்லத் தெளியும்போது, பருப்பில் இருந்த நைட்ரஜன் முழுவதும் அம்மோனியம் உப்பாக மாறியிருக்கும். பிறகு அதில் காரத்தைச் சேர்த்தால் அம்மோனியா ஆவியாக வெளிவரும். அதை வடித்துப் பிடித்து, எவ்வளவு என்று அமிலத்தால் அளந்துவிடலாம். இணைப்புகளில் எங்காவது சிறு கசிவு இருந்தால் அம்மோனியா தப்பிவிடும், புரதம் குறைந்ததாகக் காட்டும். அதனால்தான் நைட்ரஜன் அளவு முன்பே தெரிந்த ஒரு பொருளையும் ஒவ்வொரு தொகுதியோடும் சேர்த்து ஓட்டுவோம். அது சரியாக வராவிட்டால் அன்றைய முடிவுகள் அத்தனையும் குப்பைக் கூடைக்குத்தான்.

புரதத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன் என்று வைத்துக்கொண்டு, வந்த நைட்ரஜனை 6.25ஆல் பெருக்குவார்கள். ஒரு துவரம்பருப்பு மாதிரியில் 3.47 சதவீதம் நைட்ரஜன் வந்தால், 6.25ஆல் பெருக்க 21.7 கிராம் புரதம் என்று அறிக்கையில் ஏறும். ஆனால் பருப்பில் உள்ள நைட்ரஜன் எல்லாம் புரதத்தில் இருப்பதல்ல; சிறு பகுதி வேறு சேர்மங்களில் இருக்கிறது. பருப்புப் புரதத்தின் அமைப்பையும் கணக்கில் எடுத்தால் பெருக்க வேண்டிய எண் 5.5ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கணக்கில் அதே பருப்பில் 19 கிராம்தான் புரதம். பருப்பு மாறவில்லை, பெருக்கிய எண் மட்டும் மாறியது. இது நைட்ரஜன் அளவு என்பதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2008இல் சீனாவில் நடந்ததே போதும்: தண்ணீர் கலந்த பாலில் நைட்ரஜன் நிறைந்த மெலமைன் என்னும் வேதிப்பொருளைப் போட்டு, புரதம் சரியாக இருப்பதுபோல் காட்டினார்கள். உங்கள் கேள்விக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. ஐந்து பருப்புகளுக்கும் ஒரே எண்ணால்தான் பெருக்குகிறார்கள் என்பதால் வரிசை குலைவதில்லை. எல்லா எண்களும் சேர்ந்து கொஞ்சம் ஏறும் அல்லது இறங்கும், அவ்வளவுதான்.

வரிசையையே குலைக்கக்கூடியது ஈரம். காய்ந்த பருப்பு என்று நாம் சொல்லும் பருப்பில் தண்ணீர் இல்லாமல் இல்லை. நன்றாக உலர்ந்ததில் 100 கிராமுக்கு 8, 9 கிராம் இருக்கும். மழைக்காலத்தில் திறந்த மூட்டையில் இருந்து எடுத்தால் 12, 13கூட இருக்கும். பழைய அட்டவணையில் துவரம்பருப்பின் ஈரம் 13.4 என்றே பதிவாகியிருக்கிறது. இப்போது 21.7 கிராம் புரதமும் 9 கிராம் ஈரமும் உள்ள துவரம்பருப்பை எடுத்துக்கொள்வோம். சில கூடங்கள் அறிக்கை தரும்போது ஈரத்தைக் கழித்துவிட்டு, முழுக்க உலர்ந்த 100 கிராமுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டுத் தருவார்கள். அப்படிச் செய்தால் 91 கிராமில் இருந்த 21.7 கிராம், 100 கிராமுக்கு 23.8 ஆகிவிடும். இது பாசிப்பருப்புக்கு அட்டவணை தரும் 23.88க்கு அருகில் வந்து நிற்கிறது. ஓர் இணையப்பக்கம் துவரைக்கு ஈரம் நீக்கிய எண்ணையும் பாசிக்கு ஈரத்தோடு சேர்ந்த எண்ணையும் வேறு வேறு இடங்களில் இருந்து எடுத்து ஒரே கட்டத்தில் போட்டால், இரண்டும் சமம் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். நீங்கள் பார்த்த முரண்களில் பெரும்பகுதி இப்படிப்பட்டது என்பது என் கணிப்பு.

உங்கள் பாக்கெட்டின் 24 கிராமும் இப்படி வந்ததாக இருக்கலாம். அதை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பாக்கெட்டின் பின்பக்கத்தில் 100 கிராமுக்கு என்று போட்டிருக்கும் புரதம், கொழுப்பு, மொத்த மாவுச்சத்து மூன்றையும் கூட்டுங்கள். பருப்பில் சாம்பலாக எஞ்சும் தாது உப்புகள் 3, 4 கிராம் இருக்கும், மீதி ஈரம். ஆகவே கூட்டுத்தொகை 87, 88 என்று வந்தால் அது பாக்கெட்டில் இருக்கும் பருப்பின் உண்மையான எண். 96, 97 என்று வந்தால் ஈரத்துக்கே இடம் விடாமல் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்போது 24ஐ 0.91ஆல் பெருக்கி 21.8 என்று படித்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையில் ஒரு சிக்கல் உண்டு: சிலர் நார்ச்சத்தை மாவுச்சத்தில் சேர்க்காமல் தனியாகப் போடுவார்கள். அப்படி இருந்தால் நார்ச்சத்தையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 88ஐ ஒட்டி வந்தும் புரதம் 24 என்றால், அந்தத் துவரை உண்மையிலேயே கொஞ்சம் புரதம் மிகுந்த சரக்காக இருக்கலாம், அல்லது வேறொரு பருப்பின் அச்சு இதில் ஏறியிருக்கலாம். சிறிய ஆலைகள் ஒவ்வொரு சரக்கையும் பரிசோதனைக்கு அனுப்புவதில்லை. ஒரு முறை எடுத்த முடிவையோ அட்டவணை எண்ணையோ ஆண்டுக்கணக்கில் அச்சிட்டுக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். துவரம்பருப்பில் 28, 30 என்று போட்டிருந்தால் மட்டும் அதை நம்ப வேண்டாம்.

இணையத்து எண்களை ஒப்பிடும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அது முழுப் பயறா, தோல் நீக்கிய பருப்பா? தோலில் நார்தான் பெரும்பகுதி, புரதம் சொற்பம். தோல் போனதும் மீதியில் புரதத்தின் பங்கு உயர்ந்துவிடுகிறது. முழுப் பாசிப்பயற்றில் 22.53, பாசிப்பருப்பில் 23.88 என்பது இதனால்தான். இந்த இடைவெளி கொண்டைக்கடலையில்தான் அதிகம். முழுக் கறுப்புக் கொண்டைக்கடலையில் 18.77 கிராம், அதையே தோல் நீக்கி உடைத்த கடலைப்பருப்பில் 21.55. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஏறத்தாழ ஒரே பெயர் இருப்பதால், முழுக்கடலையின் எண்ணைக் கடலைப்பருப்பின் தலையில் கட்டிவிட்டு "கடலைப்பருப்பில் புரதமே குறைவு" என்று எழுதுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். மைசூர் பருப்பிலும் பெயர்க் குழப்பம் உண்டு. அதற்கும் மைசூருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மசூர் என்ற வடநாட்டுப் பெயர்தான் நம் வாயில் இப்படி வருகிறது. இலங்கையில் வெறுமனே பருப்பு என்றாலே பெரும்பாலும் இந்தச் செம்மஞ்சள் பருப்புதான்.

இனி உங்கள் சாம்பார். நான்கு பேருக்கு 150 கிராம் துவரம்பருப்பு போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் வேறு அளவு போட்டால் கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். 150 கிராம் துவரையில் 32.5 கிராம் புரதம். அதே 150 கிராம் மைசூர் பருப்பில் 36.5 கிராம். பானை முழுவதற்கும் கூடுவது 4 கிராம். நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு கிராம். 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 46 கிராம் புரதம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை சொல்கிறது, கிலோவுக்கு 0.83 கிராம் என்ற கணக்கு. அந்த 46இல் ஒன்று கூடும். அந்த ஒரு கிராமுக்காகத் துவரையை விட வேண்டிய கட்டாயமும் இல்லை: அதே சாம்பாரில் துவரம்பருப்பை 18 கிராம் கூட்டிப் போட்டால், அதாவது ஒரு கைப்பிடியைவிடக் குறைவாகச் சேர்த்தால், அதே 4 கிராம் வந்துவிடும். 150க்குப் பதில் 250 கிராம் போட்டால் ஆளுக்கு ஐந்து கிராமுக்கு மேல் கூடும். எந்தப் பருப்பு என்பதைவிட எவ்வளவு பருப்பு என்பதே உங்கள் சமையலறையில் பெரிய எண். மைசூர் பருப்பு சீக்கிரம் வேகும், ஊறவைக்கத் தேவையில்லை, அது நல்ல வசதிதான். ஆனால் சாம்பாரில் போட்டால் கூழாகக் குழைந்துவிடும், துவரையின் மணமும் வராது. ஒரு கிராம் புரதத்துக்காக அந்த மணத்தை நான் விடமாட்டேன். இது என் சொந்த நாக்கின் தீர்ப்பு, பரிசோதனைக் கூடத்தின் தீர்ப்பு அல்ல.

ஒரு நாளின் கணக்கை முழுதாகப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். மேலே சொன்ன 150 கிராம் சாம்பாரில் ஒருவர் பங்குக்கு வருவது 8 கிராம் புரதம். அவரே ஒரு நாளில் 250 கிராம் அரிசியின் சோறு சாப்பிட்டால், அதில் இருந்து வருவது ஏறத்தாழ 20 கிராம். அரிசியில் 100 கிராமுக்கு 8 கிராம்தான் என்றாலும் நாம் உண்ணும் அளவு அதிகம். உளுந்து விஷயத்தில் இது இன்னும் வேடிக்கையாக இருக்கும். நாலுக்கு ஒன்று என்று ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து ஊறப்போட்டால், உளுந்தில் இருந்து 58 கிராம் புரதமும் அரிசியில் இருந்து 78 கிராமும் வருகிறது. இட்லியின் புரதம் உளுந்தால் வருகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். எடையில் பார்த்தால் அரிசியே அதிகம் தருகிறது. ஆனாலும் உளுந்தை வெறும் துணை என்று தள்ளிவிடக்கூடாது. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, பருப்புகளில் அது தாராளம். பருப்புகளில் குறைவது மெத்தியோனின், சிஸ்டைன் என்ற கந்தகம் கொண்ட இரண்டு. அரிசி அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடு கட்டுகிறது. இந்தத் தன்மை ஐந்து பருப்புகளுக்கும் பொது. அவற்றில் எதன் புரதம் உடலுக்கு இன்னும் நன்றாகச் சேரும் என்று ஒன்றைத் தூக்கிப்பிடிக்க நான் முன்வரமாட்டேன். சோறோடு சேர்த்து உண்ணும்போது அந்த நுண்ணிய வேறுபாடு பெரும்பாலும் கரைந்துபோகும். சிறுநீரகக் கோளாறுக்காகப் புரதத்தை அளந்து சாப்பிடச் சொல்லப்பட்டவர் வீட்டில் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவருடைய அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, 100 கிராம் என்பது வேகாத பருப்பா வெந்த பருப்பா என்று பாருங்கள். சில பட்டியல்களில் மைசூர் பருப்புக்கு 24 என்றும் வேறு சிலவற்றில் 9 என்றும் இருக்கும். இரண்டும் சரிதான். 100 கிராம் பருப்பு வெந்து தண்ணீர் குடித்து 270 கிராம் ஆகும்போது, அதில் இருந்த புரதம் அந்த எடை முழுவதிலும் பரவிவிடுகிறது; புரதம் எங்கும் போகவில்லை. சாம்பாரில் புளிக்கரைசலும் தண்ணீரும் சேர்ந்து மேலும் நீர்த்துவிடும். 150 கிராம் பருப்பு போட்டு ஒன்றரை லிட்டர் சாம்பார் வைத்தால், 100 மில்லிக்குப் பருப்பின் புரதம் இரண்டு கிராமுக்குச் சற்று மேல். அதுவும் பானையை நன்றாகக் கலக்கிப் பரிமாறினால்தான். குழைந்த பருப்பு அடியில் இறங்கிவிடும், மேலே தெளிவாக நிற்பதில் புரதம் சொற்பம். குழந்தைக்குப் பருப்புத் தண்ணீர் என்று மேல்தெளிவை மட்டும் வடித்துக் கொடுப்பதில் உள்ள குறையும் இதுதான். மசித்த பருப்பைக் கொடுத்தால்தான் அட்டவணையில் இருக்கும் புரதம் குழந்தைக்குப் போகும். உங்கள் வீட்டில் முதலில் சாப்பிட உட்காருகிறவர் மேலாக ஒரு கரண்டியும், கடைசியில் சாப்பிடுகிறவர் அடியில் இருந்து ஒரு கரண்டியும் எடுத்துக்கொண்டால், அந்த இரண்டு தட்டுகளுக்கு இடையே வரும் வேறுபாடு, துவரைக்கும் மைசூர் பருப்புக்கும் இடையே நீங்கள் தேடிய அந்த ஒரு கிராமைவிடப் பெரிதாகவே இருக்கும்.